நடுங்காத கை

கம்பி சாருக்கு அன்று நாற்காலி முள்ளாய்க் குத்தியது. காலை மாற்றி மாற்றிப் போட்டார். சட்டைக் கையைச் சரிசெய்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி முறைத்ததும் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் சொருகிக்கொண்டு நிமிர்ந்தார்.

கம்பி என்பது மாணவர்கள் வைத்த பெயர். முதுகு வளைந்து யாரும் பார்த்ததில்லை என்பதால் வந்தது. இதே மருத்துவக் கல்லூரியில், இதே உயிர்வேதியியல் துறையில், இதே சரிவான கூடத்தில் தலைமுடி நரைக்கும்வரை பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். பட்டப்பெயர் காதில் விழுந்தபோதெல்லாம் கோபித்துக்கொள்வதுபோல் காட்டினாரே தவிர, உள்ளுக்குள் அது அவருக்குப் பதக்கம் மாதிரி.

இன்று மேடையில் நின்றது அவருடைய மகள். துறையில் ஒரு நிரந்தர விரிவுரையாளர் இடம் காலியாக இருந்தது. நேர்முகத் தேர்வெல்லாம் முடிந்து, கடைசியாக மாதிரி வகுப்பு. முதலாண்டு மாணவர்களுக்கு முன்னால், தேர்வுக்குழு பார்த்துக்கொண்டிருக்க, ஒரு பாடத்தை நடத்திக் காட்ட வேண்டும். குழு கொடுத்த தலைப்பு, கல்லீரலிலும் தசையிலும் சேமித்து வைக்கப்படும் சர்க்கரையான கிளைகோஜனை ஹார்மோன்கள் எப்படி ஆட்டிவைக்கின்றன என்பது.

தலைப்பைக் கேட்டதும் அவருக்குச் சிரிப்பே வந்தது. அவளுக்கா இதைச் சொல்லித்தர வேண்டும்? பதினோரு வயதில் கணையம் இன்சுலின் சுரப்பதை நிறுத்திய நாள் முதல் அந்தப் பாடத்தை உடம்பிலேயே சுமந்துகொண்டு திரிகிறவள் அவள்.

ஆனால் அது வீட்டுக்குள் மட்டும் தெரிந்த சங்கதி. அப்பா, அம்மா, மகள், வைத்தியம் பார்க்கும் டாக்டர். அதற்கு வெளியே ஒரு ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது. அவர் போட்ட சட்டம் அது. தன் குடும்பத்தை யாரும் ஐயோ பாவம் என்று பார்க்கக் கூடாது. அவருடைய அப்பாவும் பேராசிரியர், அவரும் பேராசிரியர். மூன்றாவது தலைமுறையை நோயாளி என்று சொல்லி ஓரங்கட்ட எவனுக்கும் இடம் கொடுக்கக் கூடாது. இன்று காலையில்கூட, சர்க்கரை அளவைக் காட்டும் வட்டச் சில்லை மகள் கையிலிருந்து கழற்ற வைத்தது அவர்தான்.

"நடுவுல அது கத்தித் தொலைச்சா என்னம்மா பண்ணுவ? ஒரு நாள்தானே."

"கத்தினாதான்பா எனக்குத் தெரியும்" என்றாள் அவள். ஆனாலும் கழற்றினாள்.

கிளம்பும் நேரத்தில் இன்னொன்றும் நடந்தது. மகள் கையை நீட்டிக் காட்டினாள். விரல்கள் லேசாக ஆடின.

"அப்பா, எனக்குப் பயமா இருக்கு. சாக்பீஸ் பிடிக்கறப்ப தெரிஞ்சிடும்."

அவருக்கு அந்தப் பயம் புரிந்தது. அவருக்கே கை நடுக்கம் உண்டு. ஐம்பது வயதில் தொடங்கியது. அதையும் யாருக்கும் சொல்லாமல், தினமும் ஒரு மாத்திரையில் அடக்கிவைத்திருந்தார். வீட்டில் அதன் பெயரே கை மாத்திரை. அட்டையில் ஒன்றுதான் மிச்சமிருந்தது. அதைப் பிதுக்கி மகளிடம் கொடுத்தார்.

"போட்டுக்க. மலை மாதிரி நிப்ப. நம்ம வீட்டுல யாரும் மேடையில தடுமாறினதில்ல."

இப்போது மகள் மலை மாதிரிதான் நின்றாள். கரும்பலகையில் ஒரு பக்கம் கல்லீரல், மறுபக்கம் தசை. நடுவில் மூன்று வண்ணச் சாக்பீஸ்களால் மூன்று ஹார்மோன்களின் பெயர்கள். கோடுகள் அளவுகோல் வைத்தது போல நேராக விழுந்தன.

"சாப்பிட்டு முடிச்சதும் ரத்தத்துல குளுக்கோஸ் ஏறும். உடனே இன்சுலின் வரும். கல்லீரல்கிட்டயும் தசைகிட்டயும் அது என்ன சொல்லும்? எடுத்து உள்ளே வைன்னு சொல்லும். கிளைகோஜனைக் கட்டுற நொதியைத் தட்டி எழுப்பும். உடைக்கிற நொதியைத் தூங்க வைக்கும். பசிச்சா நிலைமை தலைகீழ். குளுக்ககான் வரும். அது போற இடம் கல்லீரல் மட்டும்தான். தசைக்கு அது பேசுறது காதுலயே விழாது. ஏன்னா அதைக் கேட்கிற ஏற்பி தசையில இல்ல."

கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்தான்.

"மேடம், பரீட்சை ஹாலுக்குள்ள கால் வச்சதும் நெஞ்சு படபடன்னு அடிக்குதே, அது எந்த ஹார்மோன்?"

"அட்ரினலின். உன்னை ஓட வைக்கத்தான் வருது. கல்லீரலையும் திறக்கும், தசையையும் திறக்கும். ஆனா தசை கஞ்சன். உடைச்ச சர்க்கரையை ரத்தத்துக்குத் தராது, தானே எரிச்சிக்கும். வெளியே அனுப்பத் தேவையான கடைசி நொதி அதுகிட்ட கிடையாது."

"அப்ப அதை வச்சு பதில் எழுத முடியாதா மேடம்?"

"ஓடலாம். எழுத முடியாது."

கூடம் சிரித்தது. குழுவின் நடுவில் உட்கார்ந்திருந்த துறைத் தலைவியும் சிரித்தாள். அவளுக்கு இடப்பக்கம் இருந்த சோடாபுட்டி மட்டும் சிரிக்கவில்லை. தடித்த கண்ணாடி போட்ட அந்த மனிதர், கம்பி சாருடன் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்து, அன்று தொடங்கி அவரோடு முட்டிக்கொண்டவர். மகளைப் பார்க்காமல் அவர் கம்பி சாரையே பார்த்துக்கொண்டிருந்தார். கம்பி சார் கைகளைத் தொடைக்கடியில் இன்னும் ஆழமாகத் தள்ளினார். மாத்திரை போடாத கை மதியத்துக்குள்ளாகவே ஆட ஆரம்பித்திருந்தது.

அப்போதுதான் மனைவி அவர் காதருகே சாய்ந்தாள்.

"ஏங்க, அவ சாப்பிட்டாளா?"

"மதியச் சாப்பாடு ஏற்பாடு பண்ணியிருந்தாங்களே."

"அதைத்தான் கேக்கறேன். முதல்ல சாப்பாடு, அப்புறம் வகுப்புன்னு சொன்னாங்க. குழுவுல ஒருத்தருக்கு அவசரமாப் போகணும்னு வகுப்பை முன்னாடி தள்ளிட்டாங்க. நான் வாசல்ல நிக்கும்போதே மேடைக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. நான் கட்டிக்கிட்டு வந்த டப்பாவும் இங்கே பையிலயே இருக்கு."

"சாப்பிடலைன்னா ஊசியும் போட்டிருக்க மாட்டா."

"சாப்பாடு வந்திடுச்சுன்னு சொன்னதும் கழிவறைக்குள்ள போயிட்டு வந்தாளே. வேற எதுக்குப் போவா?"

கம்பி சார் குனிந்து பையைப் பார்த்தார். ஊசி போட்டுவிட்டாள். சாப்பாடு இல்லை. எனக்குச் சர்க்கரை நோய், ஊசி போட்டாயிற்று, சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்று ஒரு வாய் வார்த்தை சொல்லியிருந்தால் துறைத் தலைவியே தட்டைக் கையில் கொடுத்திருப்பாள். அந்த ஒரு வார்த்தையைத்தான் அவர் அத்தனை வருடமாகப் பூட்டிவைத்திருந்தார்.

"எழுந்து போய்ச் சொல்லுங்க" என்றாள் மனைவி.

"என்னன்னு சொல்றது? குழு உட்கார்ந்திருக்கு. சோடாபுட்டி வேற பார்த்துக்கிட்டிருக்கான். அவளைப் பாரு, எவ்வளவு தெளிவாப் பேசறா. சர்க்கரை இறங்கினா முதல்ல கைதான் நடுங்கும். சின்ன வயசுலேர்ந்து அவளுக்கு அப்படித்தான். கையைப் பாரு. அசையுதா?"

மனைவி பார்த்தாள். கை அசையவில்லை.

அவரும் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அது திடமாக எழுதியது. அந்தத் திடத்தைப் பிடித்துக்கொண்டு அவர் மனம் கொஞ்சம் உட்காரப் பார்த்தது. உட்கார முடியவில்லை. மகளின் நெற்றி மினுமினுத்தது. மின்விசிறி நேர்மேலே சுற்றியது, கூடத்தில் வேறு யாருக்கும் வேர்க்கவில்லை. அவள் ரவிக்கையின் முதுகுப்பக்கம் ஈரத்தில் ஒட்டிக்கிடந்தது.

கடைசி வரிசைப் பையன் மறுபடி கை தூக்கினான்.

"மேடம், குளுக்ககானும் அட்ரினலினும் ஒரே வேலையைச் செஞ்சா எதுக்கு ரெண்டு?"

நல்ல கேள்வி. மகள் காத்திருந்திருக்க வேண்டிய கேள்வி. அவளோ அவனை வெறித்துப் பார்த்தாள்.

"உக்காரு. சும்மா சும்மா எழுந்து... உனக்கு வேற வேலை இல்லையா?"

துறைத் தலைவி புருவத்தை உயர்த்தினாள். மகள் யாரிடமும் இப்படிப் பேசுகிறவள் இல்லை. பலகைப் பக்கம் திரும்பி, இன்சுலின் என்று எழுதியிருந்த இடத்திலிருந்து ஒரு அம்பு போட்டாள். அது கிளைகோஜன் உடைவதை நோக்கிப் போயிற்று. கோடு நேராக இருந்தது. அழகாக இருந்தது. திசை தப்பு.

மாணவர்களுக்கு அது பிடிபடவில்லை. சோடாபுட்டிக்குப் பிடிபட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

கம்பி சாருக்கும் பிடிபட்டது. பதினோரு வயதிலேயே அந்த அம்பைச் சரியாகப் போட்டவள் இவள். ஆனால் கை... கை நடுங்கவில்லையே.

ஏன் நடுங்கவில்லை?

தொடைக்கடியில் அவருடைய சொந்தக் கைகள் கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்தன. கை மாத்திரை. அந்தப் பெயரிலேயே அவர் வழுக்கி விழுந்திருந்தார். வீட்டில் அது கைக்கான மாத்திரை. ஆனால் அது கையோடு நிற்கிற பொருளா? அட்ரினலின் தட்டுகிற கதவுகளைத்தான் அது அடைக்கிறது. நெஞ்சில் அடைத்தால் படபடப்பு இல்லை, கையில் அடைத்தால் நடுக்கம் இல்லை, கல்லீரலிலும் தசையிலும் அடைத்தால் கிளைகோஜன் உடைவதும் தடைப்படுகிறது. இதே மேடையில் எத்தனை முறை சாக்பீஸால் எழுதியிருப்பார்! வேர்வையை மட்டும் அது தடுக்காது. வேர்வைக்குப் போகும் நரம்பின் வழி வேறு.

மகளின் உடம்பில் மூன்று காவல். ஊசியில் போன இன்சுலினைத் திரும்ப அழைக்க முடியாது, ஒன்று போயிற்று. இத்தனை வருட நோயில், சர்க்கரை இறங்கினாலும் அவள் கணையத்திலிருந்து குளுக்ககான் வருவதில்லை, இரண்டாவதும் போயிற்று. மிச்சமிருந்தது அட்ரினலின் ஒன்றுதான். அதன் வாயை இன்று காலை தன் கையாலேயே பொத்தி, மலை மாதிரி நில் என்று ஆசீர்வாதமும் செய்து அனுப்பியிருந்தார்.

அவர் எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து சத்தமாக விழுந்தது.

"சார், வகுப்பு முடியல" என்றார் சோடாபுட்டி.

"முடிஞ்சாச்சு."

மேடைப் படியில் ஏறும்போதே பையிலிருந்த பழச்சாற்றை மனைவி நீட்டினாள். அதை வாங்கிக்கொண்டு அவர் மகளை நெருங்கினார்.

"அம்மாடி, இதைக் குடி."

"அப்பா, போங்க. நான் வகுப்புல இருக்கேன்." அவர் கையைத் தட்டிவிட்டாள். சாறு பலகையில் சிதறியது. "எல்லாரும் பார்க்கறாங்க" என்று குழந்தைக் குரலில் சொன்னாள். அதைச் சொல்லி முடிப்பதற்குள் முழங்கால் மடிந்தது. துறைத் தலைவி பாய்ந்து வந்து தோளைத் தாங்கியிராவிட்டால் தலை மேசை விளிம்பில் மோதியிருக்கும்.

தரையில் கிடத்தினார்கள். கூப்பிட்டால் பதில் இல்லை. கை மட்டும் அப்போதும் அசையாமல் கிடந்தது.

"வாயில சர்க்கரை போடுங்க!" என்று யாரோ கத்தினார்கள்.

"வேண்டாம், முழுங்க மாட்டா. மூச்சுக்குழலுக்குள்ள போயிடும்" என்றார் கம்பி சார். "ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்க. நரம்பு வழியா குளுக்கோஸ் ஏத்தணும்னு சொல்லுங்க."

துறைத் தலைவி அவர் முகத்தைப் பார்த்தாள். "சார், என்ன இது? குளுக்கோஸ் எதுக்கு? என்ன பிரச்சினை இவங்களுக்கு?"

சரிவான கூடம் முழுக்க நூறு முகங்கள். முன்வரிசையில் சோடாபுட்டி. இருபது வருடமாகப் பூட்டிக் கிடந்த வார்த்தை அவர் நாக்கு நுனியில் ஒரு கணம் நின்றது. ஒரே ஒரு கணம்தான்.

"என் பொண்ணுக்குச் சர்க்கரை நோய். சின்ன வயசுலேர்ந்து இன்சுலின் போட்டுக்கறா. ஊசி போட்டுட்டுச் சாப்பிடாம மேடையேறிட்டா. சொல்லக் கூடாதுன்னு சட்டம் போட்டவன் நான்."

மனைவி அதற்குள் பையின் அடியிலிருந்து ஆரஞ்சு நிறப் பெட்டியை எடுத்திருந்தாள். வருடக்கணக்காக அவர் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, போகிற இடமெல்லாம் அவள் தூக்கிச் சுமந்த பெட்டி. உள்ளே குளுக்ககான். ஒரு குப்பியில் தூள், ஊசிக்குழலில் நீர். நீரைக் குப்பிக்குள் செலுத்திக் கலக்கி, மறுபடி உறிஞ்சித் தொடையில் போட வேண்டும்.

பெட்டியைத் திறந்த அவர் கை மரக்கிளை போல ஆடியது. ஊசி முனை குப்பியின் ரப்பரைத் தேடி அலைந்தது. இடப்பக்கம் குத்தியது, வலப்பக்கம் குத்தியது. நூறு பேர் பார்த்தார்கள். அவர் முதுகை நிமிர்த்தவில்லை. தரையில் குந்தி, வளைந்து, குப்பியை மனைவியிடம் நீட்டினார்.

"நீ பிடி. இறுக்கிப் பிடி. என் கை ஆடும்."

அவள் இரண்டு கையாலும் பிடித்தாள். மருந்து கலந்தது. துணிக்கு மேலேயே தொடையில் ஊசி இறங்கியது. மகளை ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள்.

"சார், அந்த மாத்திரை..." கடைசி வரிசைப் பையன் முன்னால் வந்து நின்றிருந்தான். ஆம்புலன்ஸுக்குத் தொலைபேசியில் பேசியவர்களிடம் அவர் மாத்திரையைப் பற்றியும் சொன்னதைக் கேட்டிருந்தான் போலும். "மாத்திரை அடைச்சிருந்தா, இதுவும் வேலை செய்யாதே சார்?"

"செய்யும். குளுக்ககானுக்குத் தனிக் கதவு. மாத்திரை அடைச்சது அட்ரினலின் கதவை." சொல்லும்போதே இன்னொரு பயம் அவரைப் பிடித்தது. கதவு திறந்து என்ன? உள்ளே சரக்கு இருக்க வேண்டுமே. கல்லீரலில் கிளைகோஜன் இல்லையென்றால் குளுக்ககான் எதை உடைக்கும்? பட்டினி கிடந்த உடம்பில் இந்த ஊசி வெற்றுத் தண்ணீர்.

"நேத்து ராத்திரி சாப்பிட்டாளா? பயத்துல சாப்பிடாமப் படுத்துட்டாளா?"

"ரெண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிட்டா" என்றாள் மனைவி. "காலையிலயும் நிறைய சாப்பிட்டா. அதிகாலையில நான் எழுப்பி உக்கார வச்சேன். உங்களுக்கு அதெல்லாம் எங்கே தெரியும், நீங்க அவளோட புடவைக்கு இஸ்திரி சரியில்லைன்னு கத்திக்கிட்டிருந்தீங்க."

அவ்வளவு பேர் முன்னால் மனைவி தன்னைக் கடிந்துகொண்டது அவருக்கு வாழ்நாளில் முதல் தடவை. தேனாய் இருந்தது.

காத்திருந்தார்கள். அவருக்கு நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. குனிந்து மூச்சைப் பார்த்தார், எழுந்து வாசலைப் பார்த்தார், மறுபடி குனிந்தார். மனைவி பையிலிருந்து எடுத்துத் தந்த கருவியால் துறைத் தலைவி மகளின் விரலில் குத்தி அளவு பார்த்தாள். மிகக் குறைவு. கொஞ்சம் பொறுத்து மறுபடி குத்தினாள். எண் நகர்ந்திருந்தது. ஏறியிருந்தது. கல்லீரலின் களஞ்சியம் திறந்துவிட்டது. மகளின் இமை துடித்தது. முனகினாள். வாந்தி எடுத்தாள். பிறகு கண்ணைத் திறந்து, முதல் வேலையாகப் புடவையை இழுத்துச் சரிசெய்தாள்.

ஆம்புலன்ஸ்காரர்கள் குளுக்கோஸ் ஏற்றி, கல்லூரியை ஒட்டியிருந்த மருத்துவமனையின் கண்காணிப்பு அறைக்குக் கொண்டுபோனார்கள். மாத்திரையின் வேலை தீரும்வரை அங்கேயே இருக்க வேண்டும் என்றார் டாக்டர். உடனே ஏதாவது சாப்பிடவும் வேண்டும். இருந்ததை உடைத்து எடுத்தாயிற்று, கல்லீரல் மறுபடி நிரம்பினால்தான் அடுத்த ஆபத்துக்குத் தாங்கும்.

மகள் தலையணையில் சாய்ந்து அப்பாவைப் பார்த்தாள். கோபத்தைவிடக் களைப்பு அதிகம் தெரிந்தது.

"எல்லாருக்கும் தெரிஞ்சிடுச்சா?"

"தெரிஞ்சிடுச்சு. நான்தான் சொன்னேன்."

"நீங்களா?"

"நானேதான். உனக்கு மாத்திரை குடுத்ததையும் டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். திட்டினார். வாங்கிக்கிட்டேன்."

"குடுத்தது நீங்க. வாங்கிப் போட்டது நான். நானும் படிச்சவதானேப்பா." அவள் கண்ணை மூடித் திறந்தாள். திடீரென்று எழ முயன்றாள். "அப்பா, அந்த அம்பு!"

"எந்த அம்பு?"

"இன்சுலினுக்குத் தப்பாப் போட்டேன். இப்ப ஞாபகம் வருது. போர்டுல அப்படியே இருக்குமே. பசங்க எழுதிட்டுப் போயிடுவாங்க."

"படு. அது கிடக்கட்டும்."

"கிடக்கக் கூடாது. நீங்க போய்ச் சரிபண்ணுங்க. அப்புறம் டப்பாவை எடுத்துட்டு வாங்க. பசிக்குது."

பசிக்குது என்ற சொல் அவரைக் கிளப்பிவிட்டது. விறுவிறுவென்று நடந்தார். கூடத்தில் மாணவர்கள் பாதிப்பேர் இன்னும் கலையாமல் நின்று கசமுசவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். பலகைக்கு முன்னால் சோடாபுட்டி கைகட்டி நின்றிருந்தார்.

"திரும்ப வருவீங்கன்னு தெரியும்" என்றார். "அம்பைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன். நீங்க ஏன் அழிக்கல?"

"அது உங்க பொண்ணோட போர்டு. நான் தொட்டா நாளைக்கு நீங்க சண்டைக்கு வருவீங்க." கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "அடுத்த வாரம் மறுபடி வகுப்பு எடுக்கட்டும்னு மேடம் சொல்றாங்க. நான் ஒரு நிபந்தனை போட்டேன்."

கம்பி சாரின் தாடை இறுகியது. "என்ன நிபந்தனை? உடம்புச் சான்றிதழா?"

"சாப்பாட்டுக்கு அப்புறம்தான் வகுப்புன்னு. அதுவும் நான் கண்ணால பார்க்கற மாதிரி சாப்பிடணும்."

இவரோடு சண்டை போட்டுத்தான் கம்பி சாருக்குப் பழக்கம். பலகையைத் துடைக்கும் துணியை எடுத்து அந்த ஒரு அம்பை மட்டும் அழித்தார். அதே நிறச் சாக்பீஸை எடுத்தார். குளுக்கோஸிலிருந்து கிளைகோஜன் கட்டப்படும் பக்கம் அம்பு போட ஆரம்பித்ததும் கை ஆடியது. மறைத்துக்கொள்ளப் பழகிய உடம்பு, பலகைக்கும் கூட்டத்துக்கும் நடுவில் தானாகவே நகரப் பார்த்தது. அதை நிறுத்தினார். ஒதுங்கி நின்று, எல்லோருக்கும் தெரியும்படி போட்டு முடித்தார். மண்புழு நெளிந்த தடம் மாதிரி இருந்தது கோடு.

"உங்களுக்கும் ஏதோ இருக்கு போல" என்றார் சோடாபுட்டி, மெதுவான குரலில்.

"இருக்கு. நடுக்கம். ரொம்ப நாளா."

"எனக்குத் தெரியும். பத்து வருஷமா உங்க காபித் தட்டு கிலுகிலுக்கறதைக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். மாத்திரை போட மறந்த நாளெல்லாம் எனக்கு அத்துப்படி."

"அப்ப ஏன் ஒரு தடவைகூடச் சொல்லிக் காட்டல?"

"சொல்லியிருந்தா அன்னிக்கே என்கூடக் காபி குடிக்கறதை நிறுத்தியிருப்பீங்க. அப்புறம் நான் யார்கூடச் சண்டை போடறது?"

மேடையோரம் கிடந்த பையிலிருந்து டப்பாவைக் கம்பி சார் எடுத்துக்கொண்டார். படியிறங்கி, தாழ்வாரம் கடந்து, மருத்துவமனையை நோக்கி வேகமாக நடந்தார். அவர் கையில் டப்பாவின் மூடி விடாமல் தடதடத்தது. வழியில் போகிற வருகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டப்பாவை மார்போடு அணைத்துச் சத்தத்தை அடக்கலாம் என்று ஒரு தரம் தோன்றியது. அணைத்தால் குழம்பு சட்டையில் சிந்தும், வேகமும் குறையும். கையை நீட்டியே பிடித்துக்கொண்டு, தடதடவென்று, மகளின் பசியை நோக்கி நடந்தார்.